எழுத்துக்குள் ஒரு தோட்டம்: படத்தை வெட்டாமல் வடிவத்துக்குள் அடக்கும் முறை

இதழ்களின் அட்டையிலும் தலைப்புப் பக்கங்களிலும் எழுத்துகளுக்குள் படம் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ‘கடல்’ என்ற சொல்லுக்குள் அலை தெரியும். ‘நகரம்’ என்ற சொல்லுக்குள் கட்டடங்கள் தெரியும். பார்ப்பதற்குப் படத்தை எழுத்தின் வடிவில் கத்தரித்து ஒட்டியதைப் போலவே இருக்கும். பலர் உண்மையிலேயே அப்படித்தான் செய்கிறார்கள். எழுத்தைத் தேர்வு செய்து, வெளியே இருக்கும் படப்பகுதியை அழித்துவிடுகிறார்கள். அழித்தபின் கோப்பைச் சேமித்து மூடிவிட்டால், போன பகுதி போனதுதான்.

அழிக்காமலேயே அதே தோற்றத்தைப் பெறுவதற்கு ஃபோட்டோஷாப்பில் ஒரு வழி உண்டு. திரையில் அதன் பெயர் `Create Clipping Mask`. மேல் அடுக்கில் உள்ள படத்தைக் கீழ் அடுக்கின் வடிவத்துக்குள் மட்டும் தெரியச் செய்வதே இதன் வேலை. படத்தின் ஒரு பிக்சல்கூட இதனால் மாறுவதில்லை. இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழி விளக்குகிறேன்.

எடுத்துக்கொண்ட பக்கம்

தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிய கட்டுரைகளுக்கு முன்னால் வரும் ஒரு தலைப்புப் பக்கத்தை நான் வடிவமைக்க வேண்டியிருந்தது. ‘தோட்டம்’ என்ற சொல், அதற்குள் ஒரு பழைய புகைப்படம். படத்தைத் தந்தவள் என் வகுப்புத் தோழி. பெரட்டுக் களத்தில் பால்மரத் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் பால்மரங்கள், வலது ஓரத்தில் அவளுடைய பாட்டி. அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. படத்துக்கு வேறு பிரதியும் கிடையாது. “யாரையும் வெட்டிடாத” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

படத்தின் அளவு 5 அங்குலத்துக்கு 3.5 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 600 பிக்சல் என்ற கணக்கில் ஸ்கேன் செய்தால் 3000க்கு 2100 பிக்சல் கிடைக்கும். நம் பக்கமோ ஏ4. அச்சுக்குரிய 300 பிக்சல் கணக்கில் அது 2480க்கு 3508 பிக்சல் ஆகும்.

செய்யும் முறை

முதலில் எழுத்துக் கருவியால் ‘தோட்டம்’ என்று தட்டச்சு செய்கிறோம். மெல்லிய எழுத்துரு இதற்கு உதவாது. கோடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு படம்தான் தெரியும் என்பதால் `Noto Sans Tamil` எழுத்துருவின் `Black` போன்ற மிகத் தடித்த வகையே ஏற்றது. ‘தோ’ என்ற எழுத்தில் கொம்பும் காலும் தகரத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். அவை இடம் மாறித் தெரிந்தால், பழைய பதிப்புகளில் பத்திக்குரிய பலகத்தின் பட்டியலில் `World-Ready Layout` தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னர் `File > Place Embedded` வழியாகப் படத்தைக் கொண்டுவருகிறோம். பக்கத்தின் அகலத்துக்கு அடங்கும்படி அதை 2480க்கு 1736 என்ற அளவில் அமைக்கிறோம். அடுக்குகளின் பலகத்தில் படம் மேலேயும் எழுத்து அதற்கு நேர் கீழேயும் இருக்க வேண்டும். படத்தின் அடுக்கைத் தேர்வு செய்து `Layer > Create Clipping Mask` என்று கொடுத்தால் போதும். விண்டோஸில் `Alt+Ctrl+G` என்பதும் அதுவே. உடனே படத்தின் அடுக்கு சற்று உள்தள்ளி, கீழ்நோக்கிய சிறிய அம்புக்குறியுடன் காட்சியளிக்கும். பக்கத்தில் எழுத்துக்குள் மட்டுமே படம் தெரியும். அதே விசைகளை மீண்டும் அழுத்தினால் முழுப் படமும் திரும்பிவிடும்.

நிறத்தைப் பார்ப்பதில்லை, இருப்பைப் பார்க்கிறது

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கீழ் அடுக்கு கறுப்பா வெள்ளையா என்பதை இந்த முறை கணக்கில் கொள்வதில்லை. அந்த இடத்தில் ஏதாவது இருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துள்ள ஒரு ஜேபெக் கோப்பைக் கீழ் அடுக்காக வைத்தால், நம் கண்ணுக்கு எழுத்து மட்டும்தான் வடிவமாகத் தெரியும். ஃபோட்டோஷாப்புக்கோ வெள்ளையும் நிரம்பிய இடம்தான். ஆகவே படம் முழுச் செவ்வகமாகவே நிற்கும். அம்புக்குறி இருக்கிறது, ஆனால் படம் எழுத்துக்குள் அடங்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மற்ற அடுக்குகளை மறைத்துவிட்டு, கீழ் அடுக்கை மட்டும் பாருங்கள். எழுத்தைச் சுற்றிச் சாம்பலும் வெள்ளையுமான சிறு கட்டங்கள் தெரிந்தால் அது வெறுமை. வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே பிக்சல்கள் இருக்கின்றன என்று பொருள்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. லூகாஸ்ஃபிலிமில் பணிபுரிந்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகிய இருவரும் 1984இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு படத்தின்மேல் இன்னொன்றைச் சேர்க்கும் வகைகளை வரையறுத்தார்கள். அவற்றுள் ‘அட்டாப்’ என்ற வகைதான் நாம் காண்பது. இதில் வடிவம் முழுவதும் கீழ்ப்படத்திடமிருந்து வருகிறது. நிறம் மேற்படத்திடமிருந்து வருகிறது. மேற்படம் இல்லாத இடத்தில் கீழ்ப்படத்தின் நிறம் அப்படியே தெரிகிறது.

நம் பக்கத்தில் இதைக் கண்ணால் காணலாம். சொல்லின் அகலம் 2000 பிக்சல், படத்தின் அகலம் 2480. இரண்டும் நடுவில் இருந்தால் இரு பக்கமும் 240 பிக்சல் மிச்சம் இருக்கும். படத்தை 300 பிக்சல் வலப்புறம் நகர்த்தினால், சொல்லின் இடது ஓரத்தில் 60 பிக்சலுக்குப் படம் எட்டாது. அச்சில் அது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். அந்த இடத்தில் ‘தோ’வின் கொம்பு எழுத்தின் சொந்தக் கறுப்பிலேயே நிற்கும். இப்படிக் கறுப்பு தென்பட்டால் படம் அங்கே போதவில்லை என்று உடனே அறிந்துகொள்ளலாம்.

மங்கலாக்கும்போதும் இதே கணக்குதான். படத்தில் சாம்பல் அளவு 120 உள்ள ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். இந்த அளவில் 0 என்பது கறுப்பு, 255 என்பது வெள்ளை. படத்தின் அடுக்கை `Opacity` 50 விழுக்காடாகக் குறைத்தால், கீழுள்ள கறுப்பு எழுத்து பாதி கலந்து 60 ஆகும். அதாவது படம் இருண்டுவிடும். எழுத்தின் அடுக்கை 50 ஆக்கினால், எழுத்தும் படமும் சேர்ந்து தாளின் வெள்ளையோடு பாதி கலந்து ஏறக்குறைய 188 ஆகும். அதாவது எல்லாம் வெளுத்துவிடும். ஒரே எண்ணை இரண்டு இடங்களில் மாற்றினால் எதிரெதிரான விளைவு வருவது இதனால்தான்.

பிக்சல் எங்கே உண்மையில் இழக்கப்படுகிறது?

மறைப்பதால் பிக்சல் போவதில்லை என்றேன். அளவை மாற்றும்போது போகலாம். படத்தைச் சாதாரண அடுக்காக ஒட்டி, 3000லிருந்து 2480 அகலத்துக்குச் சுருக்கி உறுதி செய்துவிட்டால், 63 லட்சம் பிக்சல்களில் சுமார் 43 லட்சம்தான் மிஞ்சும். பிறகு பெரிதாக்கினால் போனது திரும்பாது, முகங்கள் மங்கும். `Place Embedded` வழியாகக் கொண்டுவந்த படம் `Smart Object` என்னும் வகையாக இருக்கும். அது மூலத்தை முழுமையாக உள்ளே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே புதிதாக அளவு மாற்றிக் காட்டும். ஆகவே மறைப்பதும் அளவு மாற்றுவதும் வேறு வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இது எனக்கு விரைவிலேயே தேவைப்பட்டது. படத்தை எழுத்துக்குள் அடக்கியதும் பாட்டியைக் காணவில்லை. காரணம் எழுத்தின் வடிவம். டகரம் ஒரு நிமிர்ந்த கோடும் ஒரு கிடைக்கோடும்தான். நடுவில் பெரிய வெற்றிடம். ‘தோட்டம்’ என்ற சொல்லில் அது இரண்டு முறை வருகிறது. வரிசையில் நின்றவர்களுள் பலர் அந்த வெற்றிடங்களில் விழுந்தார்கள். படத்தை இடப்புறம் தள்ளினால் பாட்டி மகரத்துக்குள் வந்தார். ஆனால் வேறு மூவரின் முகங்கள் பாதியாயின.

மரங்கள் மேலும் கீழுமாக நீண்டவை. எங்கே அறுந்தாலும் மரம் மரமாகவே தெரியும். முகம் அப்படியல்ல. எனவே படத்தைக் கீழே நகர்த்தி, சொல்லுக்குள் பால்மரங்கள் மட்டும் வரும்படி வைத்தேன். பிறகு `Ctrl+J` அழுத்திப் படத்தின் அடுக்கை நகலெடுத்தேன். பக்கத்தின் கீழ்ப்பகுதியில் அகன்ற நீள்வட்டம் ஒன்றை வரைந்து, நகலை அதற்கு நேர் மேலே வைத்து, அதே கட்டளையால் அதற்குள் அடக்கினேன். மனிதர்கள் பெரிதாகத் தெரிய நகலை 3000 பிக்சல் அகலம் வரை வளர்க்க முடிந்தது. ஸ்கேனில் இருந்த அளவே அதுதான் என்பதால் தெளிவு குறையவில்லை. வரிசை முழுவதும், ஓரத்தில் பாட்டியும், நீள்வட்டத்துக்குள் வந்தார்கள். முதலிலேயே எழுத்துக்கு வெளியே இருந்ததை அழித்திருந்தால் இந்த இரண்டாவது வடிவத்துக்குப் படமே இருந்திராது.

ஃபோட்டோஷாப் இல்லாதவர்களுக்கு

கிரித்தா என்ற இலவச மென்பொருளிலும் இதைச் செய்யலாம். அங்கே இதன் பெயர் `Inherit Alpha`. ஒரு வேறுபாடு உண்டு. கிரித்தா நேர் கீழே உள்ள ஓர் அடுக்கை மட்டும் பார்ப்பதில்லை. கீழே உள்ள எல்லா அடுக்குகளையும் சேர்த்துப் பார்க்கும். அடியில் வெள்ளைப் பின்னணி இருந்தால் அதுவும் வடிவமாகிவிடும். முழுப் படமும் தெரியும். எழுத்தையும் படத்தையும் தனியாக ஒரு குழுவுக்குள் வைத்துவிட்டால் பார்வை அந்தக் குழுவோடு நின்றுவிடும்.

அச்சகத்துக்கு அனுப்புமுன்

எழுத்து அடுக்கு எழுத்தாகவே இருப்பதால், கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றினாலும் படம் புதிய சொல்லின் வடிவத்துக்குத் தானே மாறிக்கொள்ளும். இதே வசதி அச்சகத்தில் தொல்லையாகலாம். அங்கே நம் எழுத்துரு இல்லாமல் வேறொன்று வந்து அமர்ந்தால், எழுத்தோடு படத்தின் வடிவமும் மாறிவிடும். ஆகவே கோப்பின் நகல் ஒன்றில் எழுத்து அடுக்கை `Type > Convert to Shape` மூலம் வெறும் வடிவமாக மாற்றி, அந்த நகலை அனுப்புவதே நல்லது. அடுக்குகளை ஒன்றாக இணைத்துவிடும் `Merge Down` கட்டளையையும், ஜேபெக்காகச் சேமிப்பதையும் மூலக் கோப்பில் செய்யக்கூடாது. இணைந்த அடுக்கில் மறைந்திருந்த பகுதி உண்மையிலேயே நீங்கிவிடும். அடுக்குகளோடு கூடிய பிஎஸ்டி கோப்பு நம்மிடம் இருக்கும்வரை அந்த வரிசையில் நின்ற அனைவரும் அதற்குள் முழுதாக இருப்பார்கள்.