ஓய்வூதியச் சேமிப்பும் வருமான வரியும்

மாதச் சம்பளம் பெறும் நம் வாசகர் பலரிடம் நெடுநாளாக ஓர் எண்ணம் வேரூன்றியுள்ளது. வருங்கால வைப்பு நிதியிலும் ஓய்வூதியக் கணக்கிலும் பணம் செலுத்தினால் வருமான வரி தானாகவே குறையும் என்பதே அது. ஒரு காலத்தில் அது முற்றிலும் உண்மை. 2023-24 ஆம் நிதியாண்டு முதல் புதிய வரிமுறையே இயல்பான முறையாகிவிட்டதால், இன்று அது பாதி உண்மையே. செலுத்துவது யார் என்பதைப் பொறுத்தே சலுகை அமைகிறது.

பழைய முறையில், ஊழியர் தம் சம்பளத்திலிருந்து வருங்கால வைப்பு நிதிக்குச் செலுத்தும் தொகை, பொது வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுத் தவணை முதலியன யாவும் சேர்ந்து 80சி பிரிவின்கீழ் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை கழிக்கப்படும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் தாமே செலுத்துவதற்கு மேலும் 50,000 ரூபாய் உண்டு. புதிய முறையில் இவ்விரண்டும் இல்லை. ஆனால் நிர்வாகம் ஊழியரின் பெயரில் தேசிய ஓய்வூதியத் திட்டத்திற்குச் செலுத்தும் தொகைக்கு மட்டும், 80சிசிடி(2) பிரிவின்கீழ், அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 விழுக்காடு வரை கழிவு உண்டு. இதனைப் பலர் அறியார். அறிந்த நிர்வாகங்களும் எல்லாம் சொல்வதில்லை.

தனியார் கல்லூரிப் பேராசிரியை ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். 2025-26 ஆம் நிதியாண்டில் அவருடைய மொத்தச் சம்பளம் 13,50,000 ரூபாய். அதில் பாதியான 6,75,000 அடிப்படைச் சம்பளம். வைப்பு நிதிக்கு 81,000, பொது வைப்பு நிதிக்கு 69,000, ஓய்வூதியத் திட்டத்திற்கு 50,000 எனத் தாமே செலுத்திப் பழைய முறையைத் தேர்ந்தால், நிலைக்கழிவு 50,000 போக வரிக்குரிய வருமானம் 11,00,000. கல்வி மேல்வரியுடன் வரி 1,48,200 ரூபாய். எந்தச் சேமிப்பையும் காட்டாமல் புதிய முறையில் கணக்கிட்டாலோ, நிலைக்கழிவு 75,000 போக வருமானம் 12,75,000, வரி 74,100. சேமித்துக் காட்டியவர் காட்டாதவரினும் இருமடங்கு கட்ட நேர்வது வியப்பே. வாடகைப்படிக் கழிவோ வீட்டுக்கடன் வட்டியோ பெரிதாக உள்ளவர்களுக்கு மட்டும் பழைய முறை இன்னும் பயன்படக்கூடும்.

இனி, அதே 13,50,000 சம்பளத்திற்குள்ளேயே 94,500 ரூபாயை நிர்வாகத்தின் ஓய்வூதியப் பங்காக மாற்றி அமைக்கிறார்கள் எனக் கொள்வோம். அது அடிப்படைச் சம்பளத்தில் சரியாக 14 விழுக்காடு. வரிக்குரிய வருமானம் 11,80,500 ஆகிறது. புதிய முறையில் 12,00,000 வரை தள்ளுபடி இருப்பதால் வரியே இல்லை. கையில் வரும் பணம் 94,500 குறைகிறது. ஆனால் வரியில் 74,100 மிஞ்சுகிறது. ஆக, 20,400 ரூபாய் இழப்பில் 94,500 ரூபாய் சேமிப்பு. அந்தப் பணம் பெரும்பாலும் ஓய்வுக்காலம் வரை கட்டுண்டு கிடக்கும், ஒரு பகுதி மாத ஓய்வூதியமாகவே திரும்பும் என்பதையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகளின் கல்விச் செலவு நெருங்கி நிற்கும் குடும்பத்திற்கு இது பொருந்தாமல் போகலாம்.

வங்கி வட்டியையும் மறக்கலாகாது. அப்பேராசிரியைக்கு வைப்புத்தொகை வட்டியாக 30,000 ரூபாய் வந்தால் வருமானம் 12,10,500 ஆகிவிடும். அப்போது வரி, வரம்பைத் தாண்டிய 10,500 ரூபாயும் அதன்மேல் மேல்வரியுமாகும்.

இதைப் பெறும் வழி யாதெனில், முதலில் நிர்வாகம் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் தன்னைப் பதிவு செய்திருக்க வேண்டும். சம்பளப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு, நிதியாண்டின் தொடக்கத்திலேயே சம்பளத்தை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டு முடிந்தபின் படிவத்தில் எழுதிப் பெற இயலாது. முதல் நிலைக் கணக்கில் விழும் பணத்திற்கே சலுகை. ஆண்டிறுதியில் தரப்படும் படிவம் 16இல், நிர்வாகத்தின் பங்கு மொத்தச் சம்பளத்தில் ஒருமுறை கூட்டப்பட்டு, பின்னர் 80சிசிடி(2) என்ற வரியில் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். கூட்டாமல் கழித்திருந்தால் அது பிழை. கூட்டிவிட்டுக் கழிக்காமல் விட்டிருந்தால் உங்களுக்கு நட்டம். ஓய்வூதியக் கணக்கின் வரவு விவரத்தை அருகில் வைத்து ஒப்பிட்டால் விளங்கும். வேறுபாடு இருப்பின் திருத்திய படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். தாம் செலுத்திய தொகையை நிர்வாகத்தின் வரியில் எழுதுவது அடிக்கடி நேரும் தவறு. அதற்கு அறிவிப்பு வரும்.

பழைய முறையே தமக்கு இலாபம் என்று காண்போர், வணிக வருமானம் இல்லாதவராயின், வரிக்கணக்குப் படிவத்திலேயே அதைத் தேர்ந்துகொள்ளலாம். அக்கணக்கைக் கெடுவுக்குள் கொடுத்தாக வேண்டும். கெடு கடந்தால் புதிய முறையே வாய்க்கும், 80சி கழிவு முழுவதும் போய்விடும்.

இங்குக் கூறிய பிரிவு எண்கள் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் முதல் நாள் தொடங்கும் ஆண்டுக்கு 2025 ஆம் ஆண்டின் புதிய சட்டம் பொருந்துவதால், அவ்வாண்டின் படிவங்களில் எண்கள் வேறாக இருக்கும்.