41 சதவீதம் எதில்?

மத்திய அரசு வசூலிக்கும் வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போகிறது என்று குடிமையியல் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்த விடையில் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகிறது.

அரசியலமைப்பின் 280ஆவது பிரிவின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையோ அதற்கு முன்போ குடியரசுத் தலைவர் நிதிக்குழுவை அமைக்கிறார். என்.கே. சிங் தலைமையிலான 15ஆவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரைக்குமான பங்கைப் பரிந்துரைத்தது. முந்தைய குழு 42 சதவீதம் தரச் சொல்லியிருந்தது. ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமாகிவிட்டதால் ஒரு சதவீதம் குறைந்தது.

இந்த 41 சதவீதம், மத்திய அரசின் மொத்த வசூலில் அல்ல, பகிர்ந்துகொள்ள வேண்டிய வரிகளில் மட்டும்தான். செஸ், சர்சார்ஜ் என்று விதிக்கப்படுபவை 270ஆவது பிரிவின்படி அந்தக் கணக்கில் சேராது. அவற்றைப் பிரித்துக் கொடுக்கச் சொல்ல நிதிக்குழுவுக்கும் அதிகாரம் இல்லை.

2021 பிப்ரவரி பட்ஜெட்டைப் பாருங்கள். அதற்கு முன் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு அடிப்படை கலால் வரி 2 ரூபாய் 98 காசு. பட்ஜெட்டில் அதை 1 ரூபாய் 40 காசாகக் குறைத்தார்கள். சிறப்புக் கூடுதல் வரியிலும் ஒரு ரூபாய் குறைத்தார்கள். கூடவே வேளாண் கட்டமைப்பு செஸ் என்று 2 ரூபாய் 50 காசு புதிதாக வந்தது. மத்திய வரி மொத்தம் 32 ரூபாய் 98 காசிலிருந்து 32 ரூபாய் 90 காசானது. வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறவருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. மாநிலங்களோடு பகிர வேண்டிய பணம் மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. 1 ரூபாய் 40 காசில் 41 சதவீதம் என்றால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துச் சுமார் 57 காசு. மாநிலங்கள் தாங்களே விதிக்கும் வாட் வரி தனி.

அந்த 57 காசில் யாருக்கு எவ்வளவு? 2021-22 முதல் 2025-26 வரை தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாகவும், உத்தரப் பிரதேசத்தின் பங்கு 17.939 சதவீதமாகவும் இருந்தன. நமக்கு இரண்டே கால் காசுக்குச் சற்று மேல், அவர்களுக்குப் பத்துக் காசு. மக்கள்தொகை, பரப்பு, காடு என்று அளவுகோல்கள் பல இருந்தாலும், 15ஆவது நிதிக்குழு 45 சதவீத எடையை வருமான இடைவெளிக்குத்தான் தந்தது. ஹரியானாவின் தனிநபர் வருமானத்தைவிட ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருந்ததோ, அந்த இடைவெளியை மக்கள்தொகையால் பெருக்கினார்கள். ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகத் தருவதில் தவறில்லை. குடும்பக் கட்டுப்பாட்டில் ஜெயித்த மாநிலங்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கால் இழப்பதை ஈடுகட்ட, பிறப்பு விகிதம் குறைந்ததற்கென்று 12.5 சதவீத எடையும் வைத்தார்கள். அது போதாது என்பதே என் கருத்து.

அடுத்த பட்ஜெட்டில் ஒரு வரி குறைந்ததாகச் செய்தி வந்தால், அதே நாளில் எந்த செஸ் கூடியது என்றும் பாருங்கள்.