மேலே மீன், கீழே எண்ணெய்: ஒரே கடலில் இரண்டு கோடுகள்

மாணவர்களே, பேராக் மாநிலத்தின் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு மீன்பிடிப் படகு மேற்கு நோக்கிப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரையிலிருந்து வெகுதூரம் போன பிறகு அது வலையை இறக்குகிறது. வலையில் விழும் கெம்போங் மீன் எந்த நாட்டுக்குச் சொந்தம்? படகுக்கு அடியில், கடல் தரையின் கீழே எண்ணெய் இருந்தால் அது எந்த நாட்டுக்குச் சொந்தம்? இரண்டுக்கும் ஒரே விடைதான் என்று நமக்குத் தோன்றும். மலாக்கா நீரிணையின் சில இடங்களில் அப்படி ஒரே விடை இல்லை. அதன் காரணத்தை அறிய, நாடுகள் கடலை எப்படி அளக்கின்றன என்பதிலிருந்து தொடங்குவோம்.

கடலை அளக்கும் முறை

கடலில் தூரத்தைக் கடல் மைலில் அளக்கிறார்கள். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். அலை முழுவதும் வற்றும்போது நீர் நிற்கும் கரைக்கோட்டிலிருந்து பொதுவாக அளவு தொடங்குகிறது. இதை அடிக்கோடு என்கிறோம்.

அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட கடல். நிலத்தில் நடக்கும் சட்டம் அங்கும் நடக்கும். அதற்கு அப்பால், அடிக்கோட்டிலிருந்து 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை, இருப்பதுதான் பிரத்தியேகப் பொருளாதார மண்டலம். 1982இல் உருவான ஐக்கிய நாடுகள் கடல் சட்ட ஒப்பந்தம் இதை வரையறுத்தது.

இந்த மண்டலம் நாட்டின் நிலப்பரப்பைப் போன்றதல்ல. அங்குள்ள வளங்களைப் பயன்படுத்தவும் பாதுகாக்கவும் மட்டுமே கரையோர நாட்டுக்குத் தனி உரிமை உண்டு. மீன் பிடிப்பது, எண்ணெய், எரிவாயு எடுப்பது, காற்றாலை அமைத்து மின்சாரம் தயாரிப்பது போன்றவை அதில் அடங்கும். ஆனால், வேறு நாட்டுக் கப்பல்கள் அந்த வழியே தடையின்றிப் போகலாம். விமானங்கள் மேலே பறக்கலாம். கடலடிக் கம்பிவடங்களும் பதிக்கலாம். கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல், அயல்நாட்டு மண்டலத்தைக் கடக்க அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே இடத்தில் வலை வீசினால்தான் அனுமதி வேண்டும்.

உரிமையோடு கடமையும் உண்டு. எவ்வளவு மீன் பிடித்தால் இனம் அழியாது என்று கரையோர நாடு கணித்து அளவை நிர்ணயிக்க வேண்டும். அந்த அளவு முழுவதையும் தன் படகுகளால் பிடிக்க முடியாவிட்டால், மிஞ்சுவதைப் பிடிக்க மற்ற நாடுகளுக்கு உடன்பாட்டின் மூலம் வாய்ப்புத் தர வேண்டும்.

நீரிணையில் ஒரு கணக்கு

இப்போது மலாக்கா நீரிணைக்கு வருவோம். மலேசியாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே அது வடக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் அகலம். அதாவது சுமார் 135 கடல் மைல். இரு நாடுகளும் ஆளுக்கு 200 கடல் மைல் எடுக்க வேண்டுமானால் 400 கடல் மைல் அகலம் தேவை. அவ்வளவு இடம் இல்லை. தெற்கே நீரிணை 65 கிலோமீட்டராகக் குறுகுகிறது. அங்கே இடம் இன்னும் குறைவு. ஆகவே நடுவில் எங்காவது கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மலேசியாவும் இந்தோனேசியாவும் 1969இல் ஒரு கோடு போட்டன. ஆனால், அது கடல் தரைக்கு மட்டும் போட்ட கோடு. அன்று பொருளாதார மண்டலம் என்ற ஏற்பாடே இல்லை. நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடலைத் தாண்டிய நீரில் யாரும் மீன் பிடிக்கலாம் என்பதே பொது விதி. கண்டத்திட்டு எனப்படும் கடல் தரைக்கு மட்டும் ஏற்கெனவே சட்டம் இருந்தது. எண்ணெய் தேடுவதற்கு அதன் எல்லை தெரிய வேண்டியிருந்தது. புலாவ் பேராக், புலாவ் ஜாராக் போன்ற சிறு தீவுகளையும் மலேசியா தன் அடிக்கோட்டில் சேர்த்துக்கொண்டதால், அந்தக் கோடு சில இடங்களில் சுமத்ராவை நோக்கித் தள்ளிப் போனது.

1980இல் இரு நாடுகளும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்தை அறிவித்தன. மீனுக்கு எந்தக் கோடு என்ற கேள்வி அப்போது எழுந்தது. 1969ஆம் ஆண்டுக் கோடே நீருக்கும் பொருந்தும் என்பது மலேசியாவின் நிலைப்பாடு. அது கடல் தரைக்கு மட்டுமே; நீருக்கு இரு நிலப்பரப்புகளுக்கும் நடுவில் தனிக்கோடு வேண்டும் என்பது இந்தோனேசியாவின் நிலைப்பாடு.

நம் கற்பனைப் படகை வைத்து இதைப் பார்ப்போம். நீரிணை 134 கடல் மைல் அகலமாக உள்ள இடத்தில் நடுக்கோடு 67ஆவது கடல் மைலில் வரும். கடல் தரைக் கோடு மலேசியக் கரையிலிருந்து 75ஆவது கடல் மைலில் இருப்பதாகக் கொள்வோம். படகு 71ஆவது கடல் மைலில் நிற்கிறது. மலேசியாவின் கணக்குப்படி அது இன்னும் 4 கடல் மைல் உள்ளேதான் இருக்கிறது. இந்தோனேசியாவின் கணக்குப்படி அது 4 கடல் மைல் எல்லை தாண்டிவிட்டது. படகிலுள்ள ஜிபிஎஸ் கருவி இடத்தைச் சரியாகத்தான் காட்டுகிறது. அந்த இடம் யாருடையது என்பதை எந்தக் கருவியாலும் காட்ட முடியாது.

சிப்பி மீனல்ல

நீருக்கு ஒரு கோடு, தரைக்கு ஒரு கோடு என்றால் உயிரினங்களை எப்படிப் பிரிப்பது? இங்கே உயிரியல் உதவிக்கு வருகிறது. பிடிக்கும் பருவத்தில் அசையாமல் இருக்கும் உயிர்களும், தரையைத் தொட்டபடியே அல்லாமல் நகர முடியாத உயிர்களும் கடல் தரையைச் சேர்ந்தவை. சிப்பி, கடல் அட்டை, பவளம் ஆகியவை அந்த வகை. நீந்தும் மீனும் கணவாயும் நீரைச் சேர்ந்தவை.

எல்லா உயிர்களும் இப்படி எளிதில் அடங்கிவிடுவதில்லை. 1960களின் தொடக்கத்தில் பிரேசிலும் பிரான்சும் சிங்கி இறாலுக்காகச் சண்டை போட்டன. போர்க்கப்பல்கள்கூடப் புறப்பட்டன. சிங்கி இறால் தரையில் ஊர்ந்து நடப்பதால் அது எங்களுடையது என்றது பிரேசில். வாலை அடித்துத் துள்ளுவதால் அதுவும் மீனைப் போன்றதே என்றது பிரான்ஸ். துள்ளுவதெல்லாம் மீன் என்றால் கங்காருவும் பறவையாகிவிடும் என்று பிரேசில் தரப்பில் பதில் வந்ததாகச் சொல்வார்கள்.

இரண்டு கோடுகள் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. இழுவை வலை தரையை உரசிக்கொண்டு போகும். மீன் பிடிக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு இருந்து, தரை மற்ற நாட்டுடையதாக இருந்தால், அந்த வலை மற்றவரின் சிப்பிகளையும் வாரிவிடும். எண்ணெய் மேடை ஒன்றை நிறுவினால், அதைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வட்டம் அமைக்கலாம். அதற்குள் வலை வீச முடியாது. ஆகவே இரு நாடுகளும் பேசித் தீர்த்தால்தான் இரண்டு கோடுகளும் ஒத்துப்போகும். ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூகினியும் டோரஸ் நீரிணையில் அப்படிச் செய்திருக்கின்றன. 1978இல் கையெழுத்தான அவற்றின் ஒப்பந்தத்தில் கடல் தரைக்கும் மீனுக்கும் தனித்தனிக் கோடுகள் உள்ளன.

பிடிபட்டால் என்ன?

அயல்நாட்டு மண்டலத்தில் அனுமதியின்றி மீன் பிடிக்கும் படகைக் கரையோர நாடு நிறுத்திச் சோதிக்கலாம், கைது செய்யலாம். ஆனால், உரிய பிணைத்தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் விரைவில் விட வேண்டும். இரு நாடுகளுக்கும் இடையே தனி உடன்பாடு இல்லாவிட்டால், மீன் பிடித்த குற்றத்துக்குச் சிறைத் தண்டனை கூடாது என்றும் கடல் சட்ட ஒப்பந்தம் சொல்கிறது.

கோடு முடிவாகாத இடத்தில் கைது செய்தால், தன் கடலில்தான் இருந்ததாக நம்பிய மீனவர் படகையும் பல நாள் வருமானத்தையும் இழப்பார். இதற்காகவே மலேசியாவும் இந்தோனேசியாவும் 2012இல் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி, எல்லை முடிவாகாத நீரில் மற்ற நாட்டு மீனவரைக் கண்டால் சோதித்துவிட்டு வெளியேறச் சொல்ல வேண்டும். தடைசெய்யப்பட்ட வலை, கருவிகளை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. 2023இல் இரு நாடுகளும் நீரிணையின் தென்பகுதியில் 12 கடல் மைலுக்குட்பட்ட கடலைப் பிரிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பொருளாதார மண்டலத்துக்கான கோடு அதில் சேரவில்லை.

செய்து பாருங்கள்: நிலநூலில் மலாக்கா நீரிணைப் படத்தை எடுத்து இரு கரைகளுக்கும் நடுவே ஒரு கோடு வரையுங்கள். பிறகு புலாவ் ஜாராக்கை மலேசியக் கரையின் விளிம்பாகக் கொண்டு மீண்டும் வரையுங்கள். அந்தச் சிறு தீவு, கோட்டை எத்தனை கிலோமீட்டர் நகர்த்துகிறது என்று படத்தின் அளவுகோலால் அளந்து பாருங்கள்.