சோர்வுற்ற உள்ளமும் செவிலியரின் ஐந்து கேள்விகளும்

மனச்சோர்வு நோயால் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், உறவினர் ஆளுக்கொரு காரணம் சொல்வர். கடன் என்பார் ஒருவர். குடி என்பார் மற்றொருவர். செய்வினை என்பாரும் உண்டு. மனநலச் செவிலியரோ ஐந்து கேள்விகளைக் கேட்டு, விடைகள் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னியுள்ளன என்பதை எழுதி வைக்கிறார். பராமரிப்பு முழுவதும் அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்குகிறது. அதன் முறையை, பலரிடம் காணப்படுவனவற்றை ஒருவரிடம் தொகுத்து, ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம்.

அவர் 52 வயது விவசாயி. இப்போது என்ன துன்பம் என்பது முதற்கேள்வி. ஆறு வாரங்களாக விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார், உணவு செல்லவில்லை, ஆறு கிலோ எடை குறைந்துவிட்டது. "நான் எல்லாருக்கும் பாரம், கடவுளும் என்னைக் கைவிட்டார்" என்கிறார். இச்சொற்களை விசுவாசக் குறைவென்று செவிலியர் கண்டிப்பதில்லை. நோயின் குறியாகவே குறித்துக்கொள்கிறார். நாமும் அறிவுரை கூறுமுன் இதனை மனத்திற் கொள்வது நலம்.

இந்நோய்க்கு இடமளித்தது எது என்பது இரண்டாவது. அவருடைய தாய்க்கும் இதே நோய் இருந்தது. இப்போது தூண்டியது எது என்பது மூன்றாவது. எட்டு மாதங்களுக்கு முன் மனைவி இறந்தார். அதன்பின் விளைச்சலும் பொய்த்தது. நோயை நீடிக்கச் செய்வது எது என்பது நான்காவது. உறக்கத்திற்காகக் குடிக்கிறார்; அக்குடியே நள்ளிரவுக்குப்பின் உறக்கத்தைக் கலைத்து, மறுநாள் சோர்வைப் பெருக்குகிறது. அவரைத் தாங்கிநிற்பது எது என்பது ஐந்தாவது. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளும், நாள்தோறும் வந்து பார்க்கும் தங்கையும் உள்ளனர்.

இக்குறிப்பு முடிந்த தீர்ப்பன்று. புதுச் செய்தி வந்தால் திருத்தப்படும். ஆகவே, முன்னொரு காலத்தில் காரணமின்றி அளவுகடந்த உற்சாகத்தோடு, உறக்கமே வேண்டாமல் திரிந்ததுண்டா என்றும் செவிலியர் கேட்கிறார். உண்டென்றால் அது வேறு நோயாக இருக்கலாம். சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுப்பது அந்த உற்சாக வெறியை மீண்டும் கிளப்பிவிடக்கூடும்.

அடுத்து, ஆபத்தை அளந்தறிய வேண்டும். தற்கொலையைப்பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பலர் அஞ்சுகின்றனர். அது தவறு. வெளிப்படையாகக் கேட்பதால் எண்ணம் விளைவதில்லை; பலருக்கு அது ஆறுதலே தருகிறது. "வாழ்வதில் பயனில்லை என்று தோன்றுகிறதா? சாக வேண்டுமென்று எண்ணியதுண்டா? எப்படி என்று யோசித்தீர்களா?" என்று செவிலியர் படிப்படியாகக் கேட்கிறார். வயற்கொட்டகையில் பூச்சிமருந்து இருப்பதாகவும், சென்ற வாரம் அங்கே போய், மகளை நினைத்துத் திரும்பியதாகவும் அவர் சொல்கிறார். எண்ணம், வழி, அதற்கான பொருள், முன்னேற்பாடு ஆகிய நான்கும் இங்கே உள்ளன, ஆபத்து பெரிது. மகள்மேலுள்ள பாசம் அவரைத் தாங்குகிறது. ஆனால் காவலுக்கு அது மட்டும் போதாது. மதிப்பெண் பட்டியலை மட்டும் நம்புவதும் தவறு. எவர் தம்மை மாய்த்துக்கொள்வார் என்பதை அத்தகைய பட்டியல்கள் சரியாக முன்னறிவிப்பதில்லை.

இனி, பராமரிப்பின் வரிசை. முதலாவது பாதுகாப்பு. அவர் எப்போதும் ஒருவர் கண்பார்வையில் இருக்கிறார். கொட்டகையிலுள்ள மருந்தை அன்றே அகற்றுமாறு தங்கையிடம் சொல்லப்படுகிறது. இரண்டாவது உடல். நீரும் உணவும் சிறிது சிறிதாக அடிக்கடி தரப்படுகின்றன. எடை குறித்து வைக்கப்படுகிறது. குடியைத் திடீரென நிறுத்துவதால் நடுக்கமோ வலிப்போ வருமா என்றும் கவனிக்கின்றனர். மூன்றாவது மருந்து. அதன் பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். ஆதலால் மாத்திரையை விழுங்கினாரா, சேர்த்துவைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே குளித்தல், சிறிது நடத்தல், மகளோடு பேசுதல் போன்ற சிறு செயல்கள்.

குடும்பத்தார் ஏமாறும் இடங்கள் இரண்டு. வாடியிருந்தவர் காரணமின்றித் திடீரென அமைதியடைந்தால், உள்ளத்தில் முடிவு செய்துவிட்டார் என்றும் அது பொருள்படலாம். வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் ஆபத்து மிகுந்த காலமே. எனவே ஒரு வார மாத்திரைகளை மட்டும் தங்கையிடம் கொடுத்து, ஒரு வாரத்திற்குள் மீண்டும் வரச்சொல்லி அனுப்புகின்றனர். "இறக்க எண்ணம் வருகிறதா?" என்று வீட்டிலும் அஞ்சாமல் கேட்குமாறு தங்கைக்குக் கற்பிக்கின்றனர். விடை ஆமென்றால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும். 2022 முதல் இயங்கும் அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416. இதைத் தங்கை மாத்திரை உறையின்மேல் எழுதிக்கொள்கிறார். நம் வீடுகளிலும் எழுதி வைத்துக்கொள்வோம்.