மாநில அணிக்குப் போகும் பழைய மாணவிக்குப் பள்ளி எழுதும் வாழ்த்துக் கடிதம்

மாநில அணிக்குத் தேர்வான பெண்ணுக்குப் பலரும் வாழ்த்துச் சொல்வார்கள். விளையாட்டுச் சங்கமும் இப்போதைய பயிற்சியாளரும் அவளை ஓரளவு தேறிய ஆட்டக்காரியாகத்தான் பார்த்திருப்பார்கள். அவள் ஆடத் தொடங்கிய நாட்களைப் பார்த்தது பழைய பள்ளி மட்டுமே. அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதற்கு மட்டுமே விஷயம் இருப்பதால், பள்ளியின் சார்பில் எழுதும் கடிதம் அங்கிருந்து தொடங்குவதே சரி.

எழுதும் முன் தேர்வு உறுதியானதா என்று பார்க்க வேண்டும். கபடியில் பொதுவாக மாவட்ட அணிகள் மோதும் மாநிலப் போட்டியில் நன்றாக ஆடியவர்களைப் பயிற்சி முகாமுக்கு அழைப்பார்கள். முகாமுக்கு வருபவர்கள் அணிக்குத் தேவையானதைவிட அதிகமாக இருப்பார்கள். அதன் முடிவில் 12 பேர் கொண்ட அணி அறிவிக்கப்படும். அவர்களில் 7 பேர் களத்தில் ஆடுவார்கள், மீதிப் பேர் மாற்று ஆட்டக்காரர்கள். முகாமுக்கு அழைப்பு வந்ததையே தேர்வு என்று எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் வாழ்த்திவிட்டு, இறுதிப் பட்டியலில் பெயர் இல்லாமல் போனால், அந்தச் சங்கடத்தைச் சுமப்பவள் அந்தப் பெண்தான். போட்டியின் பெயரும் சரியாக இருக்க வேண்டும். பள்ளிகளுக்கான தேசியப் போட்டி வேறு, சங்கம் நடத்தும் ஜூனியர் தேசியப் போட்டி வேறு. இரண்டுக்கும் வயது வரம்பே வேறு. மாவட்டச் சங்கத்திடமோ அவளுடைய இப்போதைய உடற்கல்வி ஆசிரியரிடமோ ஒரு முறை கேட்டால் இது தெளிவாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. அங்கே படித்த பெண் இப்போது பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். ஜூனியர் பெண்கள் கபடியில் மாநில அணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். தலைமையாசிரியர் புதிதாக வந்தவர் என்றால் அவருக்கு அவளைத் தெரியாது. பழைய உடற்கல்வி ஆசிரியர் மாறுதலாகிப் போயிருப்பார். அவரிடம் தொலைபேசியில் பேசினால் கடிதத்துக்கான விஷயம் கிடைக்கும்: ஓட்டப் பந்தயத்துக்காக வந்தவள், எட்டாம் வகுப்பில் ஓர் ஆள் குறைந்ததால் கபடி அணியில் சேர்க்கப்பட்டவள், முதல் ஆட்டங்களில் பாடிப் போனபோது, கடந்தாக வேண்டிய கோட்டைக் கடக்காமலே திரும்பி அவுட் ஆனவள், பிறகு மாலை வேளைகளில் பையன்களோடு மண்களத்தில் ஆடிப் பழகியவள்.

இதை வைத்து எழுதும் கடிதம் இப்படி அமையலாம்: “அன்பு மகளுக்கு, மாநில ஜூனியர் அணியில் உன் பெயரைப் பார்த்ததில் பள்ளியில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கோட்டைத் தாண்டத் தயங்கிய எட்டாம் வகுப்புப் பெண்ணை உன் ஆசிரியர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார். மழைக் காலத்தில் களத்து நீரை வாளியால் இறைத்துவிட்டு நீங்கள் ஆடியதையும் சொன்னார். இப்போது பள்ளி அணியில் இருக்கும் பிள்ளைகள் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். போட்டி முடிந்து வந்ததும் ஒரு நாள் வா.” இவ்வளவு போதும். படித்த பிள்ளைக்கு ஆசிரியர் எழுதுவதால் ‘நீ’ என்பதே இயல்பு. கையொப்பம் தலைமையாசிரியருடையது, பயிற்சி கொடுத்த ஆசிரியரின் பெயர் கடிதத்துக்குள் வந்தாக வேண்டும்.

பதக்கத்தோடு திரும்பி வா என்று எழுதுவது பலருக்கும் பழக்கம். முகாமில் எடையையும் மூச்சையும் கவனித்துக்கொண்டு, மண்ணில் பழகிய கால்களை மேட்டுக்கும் காலணிக்கும் பழக்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது வாழ்த்தாக இருக்காது, சுமையாகவே இருக்கும். பெற்றோரின் கூலி வேலையையும் வீட்டு வறுமையையும் அவள் கேட்காமல் ஊருக்குச் சொல்வதும் தவறு. பள்ளிதான் அவளை உருவாக்கியது என்ற தொனியும் வேண்டாம். கடைசி ஒரு வருடத்தில் அவளைத் தேற்றியது இப்போதைய பள்ளியும் பயிற்சியாளரும். அதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டால் கடிதத்தின் மதிப்பு கூடும்.

பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் வைப்பதானால், 18 வயது நிரம்பாத பெண்ணின் படத்துக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்க வேண்டும். அவள் படம்தான் அதில் பெரிதாக இருக்க வேண்டும். கடிதத்தில் வீட்டு முகவரியோ தொலைபேசி எண்ணோ இருந்தால், அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடக் கூடாது.

இறுதிப் பட்டியல் வருவதற்கும் அணி ரயிலேறுவதற்கும் நடுவே பெரும்பாலும் சில நாட்களே இருக்கும். ஆண்டு விழா வரை காத்திருக்காமல், ஓர் ஆசிரியரோ முன்னாள் வகுப்புத் தோழியோ கடிதத்தை அதற்குள் அவள் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.