எஃகு வரைபடத்தில் ஒரு செங்குத்துக் கோடு

இரும்பு-கார்பன் வரைபடத்தைப் பார்த்ததும் பலருக்குத் தலை சுற்றும். ஆனால் எஃகைக் கடினமாக்க நினைப்பவருக்கு அதன் இடது கீழ்மூலையே போதும். கிடைமட்ட அச்சில் கார்பனின் எடை விழுக்காடு, செங்குத்து அச்சில் வெப்பநிலை. கையிலிருக்கும் எஃகின் கார்பன் அளவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, கீழிருந்து மேலே போனால் அந்த எஃகுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வழியில் எதிர்ப்படும் முதல் எல்லை 727 டிகிரி செல்சியஸில் ஓடும் கிடைக்கோடு. அதற்குக் கீழே இரும்பு, ஃபெரைட் என்ற மென்மையான படிகமாக இருக்கும். கார்பனை அது ஏறக்குறைய ஏற்பதே இல்லை, அதிகபட்சம் 0.02 விழுக்காடு. மீதிக் கார்பன் இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற கடினமான சேர்மமாக ஒதுங்கிவிடும். ஃபெரைட்டும் சிமென்டைட்டும் மெல்லிய தகடுகளாக மாறிமாறி அடுக்கியிருப்பதுதான் பியர்லைட். 727 டிகிரியைத் தாண்டினால் இரும்பின் அணு அடுக்கே மாறி, கார்பனைத் தாராளமாகக் கரைத்துக்கொள்ளும் ஆஸ்டனைட் உருவாகத் தொடங்கும்.

பட்டறைகளில் இஎன் 8 என்று வாங்கும் எஃகை எடுத்துக்கொள்வோம். அதில் கார்பன் சுமார் 0.4 விழுக்காடு. அறை வெப்பநிலையில் அது பாதி ஃபெரைட், பாதி பியர்லைட். 727 டிகிரியைத் தாண்டியதும் முதலில் பியர்லைட் பகுதிதான் ஆஸ்டனைட்டாகும். ஃபெரைட் அப்படியே நிற்கும்; வெப்பம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். 912 டிகிரியில் தொடங்கி, 0.77 விழுக்காடு கார்பனில் 727 டிகிரிக்கு இறங்கும் சாய்வுக் கோடு ஒன்று உண்டு. நம் செங்குத்துக் கோடு அதை 800 டிகிரியை ஒட்டிச் சந்திக்கிறது. அங்கேதான் ஃபெரைட் முழுதும் மறைகிறது.

இப்போது இந்த எஃகை 740 டிகிரியில் எடுத்துத் தண்ணீரில் முக்கினால்? ஆஸ்டனைட் இருந்த பகுதி மட்டும் கடினமாகும். இடையிடையே மென்மையான ஃபெரைட் திட்டுகள் அப்படியே நிற்கும். நுண்ணோக்கியில் கருமையான ஊசிகளுக்கு நடுவே வெள்ளைத் தீவுகளாக அவை தெரியும். அதனால்தான் இந்த எஃகை 830 முதல் 860 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். காந்தம் ஒட்டவில்லையென்றால் சூடு போதும் என்ற கணக்கும் இங்கே சரிவராது. ஃபெரைட் 770 டிகிரியிலேயே காந்தத்தை விட்டுவிடும். ஆனால் அது கரைந்து முடிய இன்னும் முப்பது டிகிரியாவது வேண்டும்.

முக்கும்போது என்ன நடக்கிறது? மெதுவாகக் குளிர்ந்தால் கார்பன் நகர்ந்து ஒதுங்க நேரம் கிடைக்கும். சட்டென்று குளிர்ந்தால் கிடைக்காது. கார்பன் படிகத்துக்குள்ளேயே சிக்கி அதை இழுத்துத் திரிக்கும். அந்தத் திரிந்த படிகம்தான் மார்ட்டென்சைட். வரைபடத்தில் அதற்கு இடமில்லை. நிதானமாக நடக்கும் மாற்றங்களை மட்டுமே வரைபடம் காட்டும். முக்குவதற்கு முன் ஆஸ்டனைட்டில் எவ்வளவு கார்பன் கரைந்திருந்தது என்பதை மட்டும் அதில் படிக்கலாம். மார்ட்டென்சைட்டின் கடினத்தைத் தீர்மானிப்பதும் அதுவே. ராக்வெல் சி அளவையில் 0.2 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ 45, 0.4க்கு 56, 0.6க்கு 63 என ஏறிக்கொண்டே போய், 0.8க்கு மேல் 65ஐ ஒட்டி நின்றுவிடும்.

நிற்பதற்குக் காரணத்தை அரம் செய்யும் எஃகில் பார்க்கலாம். அதில் கார்பன் சுமார் 1.2 விழுக்காடு. இங்கே சாய்வுக் கோடு எதிர்ப்பக்கம் ஏறுகிறது. கார்பன் முழுவதும் கரைய ஏறத்தாழ 900 டிகிரி வேண்டும். அவ்வளவு சூடேற்றினால் கார்பன் நிறைந்த ஆஸ்டனைட் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகும் ஒரு பகுதி மாறாமல் தங்கிவிடும். அது மென்மையானது. படிகங்களும் பருத்து, எஃகு எளிதில் விரிசல் விடும். எனவே அரத்தை 770 டிகிரியை ஒட்டியே சூடேற்றி முக்குகிறார்கள். அப்போது ஆஸ்டனைட்டில் கரைந்திருப்பது 0.9 விழுக்காட்டுக்கு அருகில். மிச்சம் சிமென்டைட் மணிகளாக நின்று, தேய்மானத்தைத் தடுக்கும். கார்பன் குறைந்த எஃகை எல்லையைத் தாண்டிச் சூடேற்ற வேண்டும். மிகுந்த எஃகை இரண்டு எல்லைகளுக்கு நடுவிலேயே நிறுத்த வேண்டும்.

வரைபடம் சொல்லாதவையும் உண்டு. தடித்த இஎன் 8 தண்டின் நடுப்பகுதி தண்ணீரிலும் வேகமாகக் குளிராது. மேற்பரப்பு கடினமாகி, உள்ளே பியர்லைட்டாகவே இருக்கும். குரோமியம், மாங்கனீசு சேர்ந்த எஃகுகளில் கோடுகளே இடம் மாறும். அவற்றுக்கு எஃகு தயாரித்தவர் தரும் வெப்பநிலைதான் கணக்கு. முக்கியெடுத்த எஃகைச் சும்மா விட்டாலும் சில சமயம் விரிசல் விழும் என்பதால், ஆறியதும் தாமதிக்காமல் மீண்டும் மிதமாகச் சூடேற்றிக் கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.