ஆள் கிடைக்கவில்லையா, கிடைத்த ஆளை இழக்கிறோமா? சிறு நிறுவனங்கள் எழுதி வைக்க வேண்டிய ஐந்து திகதிகள்

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்றலில் நிற்கும் எமது வியாபாரிகளிடம் அடிக்கடி கேட்கும் ஒரு முறைப்பாடு உண்டு. "வேலைக்கு ஆளே கிடைக்குதில்ல சேர். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு வேலை செய்ய விருப்பமில்ல, எல்லாருக்கும் கட்டார்தான்." மறுபக்கம், உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடித் திரியும் அதே ஊர்ப் பிள்ளைகளை வர்த்தகப் பாட ஆசிரியன் என்ற முறையில் நான் தினமும் சந்திக்கிறேன். இரு தரப்பும் உண்மை சொல்வதாயின் இடையில் எங்கோ ஏதோ பிழைக்கிறது. அதைக் கண்டுபிடிக்க மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு கொப்பியும் ஐந்து திகதிகளும் போதும்.

வெற்றிடம் ஏற்பட்ட நாள், விண்ணப்பம் கிடைத்த நாள், நேர்முகம் நடந்த நாள், வேலை தருவதாகச் சொன்ன நாள், அவர் பதில் சொன்ன நாள். வேலை தருவதாக நாம் சொன்ன ஒவ்வொருவருக்கும், அவர் வந்தாலும் வராவிட்டாலும், கொப்பியில் ஒரு வரி எழுத வேண்டும்.

பெரிய கம்பனிகளின் ஆளணிப் பிரிவுகள் கவனிக்கும் இரண்டு முக்கிய அளவீடுகள் இந்தத் திகதிகளிலிருந்தே கிடைக்கின்றன. ஒருவர் விண்ணப்பித்த நாளிலிருந்து வேலையை ஏற்றுக்கொண்ட நாள் வரை எத்தனை நாட்கள் என்பது ஆட்சேர்ப்புக் காலம். வேலை தருவதாகச் சொன்ன நூறு பேரில் எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஏற்பு வீதம். வெற்றிடம் ஏற்பட்ட நாளிலிருந்து எண்ணினால் வருவது வேறொரு கணக்கு. விளம்பரம் போடவே ஒரு மாதம் தாமதித்திருந்தால் அது அந்தக் கணக்கில்தான் தெரியும். இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

என்னிடம் படித்த ஒருவர் தன் சகோதரர்கள் இருவருடன் சேர்ந்து மொத்த வியாபார நிறுவனமொன்றை நடத்துகிறார். ஊழியர்கள் இருபத்தைந்து பேரளவில் இருப்பார்கள். ஒரு வருடத்துக்கான திகதிகளை அவர்களுடைய வட்ஸ்அப் செய்திகளிலிருந்தும் கோப்புகளிலிருந்தும் திரட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். ஏழு வெற்றிடங்களுக்கு 11 பேரை அழைத்திருந்தார்கள். ஆறு பேர் வந்தார்கள், ஐந்து பேர் மறுத்தார்கள். ஏற்பு வீதம் ஏறத்தாழ 55 சதவீதம்.

வந்த ஆறு பேரின் ஆட்சேர்ப்புக் காலம் 16, 19, 21, 24, 27, 73 நாட்கள். சராசரி 30 நாட்கள். ஆனால் அந்தச் சராசரியை ஏற்றிவிட்டது 73 என்ற ஒரே எண்தான். கணக்காளர் பதவிக்கான அந்த விண்ணப்பம் நோன்புக்குச் சற்று முன் வந்தது. வியாபார நெரிசலில் பெருநாள் கழிந்த பின்னரே நேர்முகம் நடந்தது. ஆறு எண்களையும் வரிசைப்படுத்தி நடுவிலுள்ள இடையத்தை எடுத்தால் 22 நாட்களுக்குச் சற்று அதிகம். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது சராசரியை விட இடையமே நிலைமையைச் சரியாகச் சொல்லும்.

மூன்று வாரம் என்றால் மோசமில்லையே என்று தோன்றும். இந்த அளவீட்டின் பொறி இங்கேதான் இருக்கிறது. ஆட்சேர்ப்புக் காலம் வந்து சேர்ந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. காத்திருந்து சலித்து வேறு இடம் போனவர்கள் அதில் இல்லை. நாம் தாமதித்துத் தாமதித்து ஆட்களை இழந்தாலும், விரைவாக முடிந்த சிலரை வைத்து அந்த எண் அழகாகவே தெரியும். ஆகவே மறுத்தவர்களின் திகதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தபோது நேர்முகத்துக்கும் அழைப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் விடயம் வெளிப்பட்டது. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லப்பட்டவர்கள் ஆறு பேர். அவர்களில் ஐந்து பேர் வேலைக்கு வந்தார்கள். 13 நாட்கள் முதல் 20 நாட்கள் வரை காக்க வைக்கப்பட்டவர்கள் ஐந்து பேர். அவர்களில் வந்தவர் அந்தக் கணக்காளர் மட்டுமே. தாமதத்தின் காரணமும் எளிது. மூன்று சகோதரர்களும் ஒப்புக்கொண்டால்தான் சம்பளம் முடிவாகும். அவர்களில் ஒருவர் கொள்வனவுக்காகப் பாதி நாட்கள் கொழும்பில் இருப்பார்.

உயர்ந்த பதவிகளுக்குத்தான் அதிகம் யோசித்திருப்பார்கள், அதனால்தான் மறுப்பும் அதிகமாக இருக்கும் என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான கேள்வி. அதற்காக ஒரே வகைப் பதவியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தோம். தாமதமான ஐவரில் மூவர் விற்பனை ஊழியர்களே. அதே வேலைக்கு, அதே சம்பளத்தில் விரைவாக அழைக்கப்பட்டவர்கள் வந்திருந்தார்கள்.

மறுத்தவர்களிடம் காரணத்தையும் விசாரிக்கச் சொன்னேன். முதலாளி கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்பதால், நேர்முகத்தில் இல்லாத ஒருவர் கேட்டார். தாமதமான நால்வரில் மூவர் அதற்கிடையில் வேறு வேலையில் சேர்ந்திருந்தார்கள். நான்காமவருக்குத்தான் கட்டார் விசா வந்திருந்தது. விரைவாக அழைத்தும் வராத ஒருவரின் காரணம் வேறு. விளம்பரத்தில் 60,000 ரூபா என்றிருந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய பங்காக 8 சதவீதம், அதாவது 4,800 ரூபா கழியும் என்பது அழைப்பின்போதுதான் சொல்லப்பட்டது. கையில் 55,200 என்றதும் ஏமாற்றப்பட்டதாக நினைத்துவிட்டார். நிறுவனம் தன் பங்காக 12 சதவீதம் அவர் பெயரில் செலுத்தும் என்பதை யாரும் அவருக்கு விளக்கவில்லை.

இதன் பின் இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். விளம்பரம் போட முன்னரே சம்பளத்தின் மேல் எல்லையை மூவரும் எழுதி ஒப்புக்கொள்வது, அந்த எல்லைக்குள் நேர்முகம் செய்தவரே மூன்று நாட்களுக்குள் பதில் சொல்வது. கழிவும் நிறுவனத்தின் பங்கும் நேர்முகத்திலேயே சொல்லப்படுகின்றன. அடுத்த ஆறு மாதங்களில் ஐந்து பேரை அழைத்து நால்வரைப் பெற்றார்கள்.

இதை வைத்துப் பிரச்சினை தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து அழைப்புகளில் ஒருவரின் முடிவு மாறினாலே வீதம் 20 புள்ளிகள் மாறிவிடும். சிறு நிறுவனத்துக்கு மாதாந்த சதவீதம் பயன் தராது. கடைசிப் பன்னிரண்டு மாதங்களை ஒன்றாக வைத்து, "பதினொன்றில் ஆறு" என்று எண்ணிக்கையாகவே பேசுவது நல்லது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். தொலைபேசியில் "இந்தச் சம்பளத்துக்கு வருவீங்களா?" என்று கேட்டு அவர் மறுத்தால், அதுவும் மறுக்கப்பட்ட அழைப்புத்தான். கடிதம் கொடுத்ததை மட்டும் எண்ணினால் வீதம் பொய்யாக உயரும். அதேபோல், நாட்களைக் குறை என்று முகாமையாளரை நெருக்கினால் அவர் நேர்முகமே இல்லாமல் தெரிந்தவரின் மகனை அமர்த்திவிடுவார். இரண்டு எண்களும் பிரமாதமாக இருக்கும், வேலைதான் நடக்காது. எனவே சேர்ந்தவர் ஆறு மாதத்தின் பின்னும் இருக்கிறாரா என்று அதே வரியின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு விருப்பமில்லை என்று பேசப்பட்ட அந்த நிறுவனத்தில், மறுத்த ஐவரில் வெளிநாடு போனவர் ஒருவரே. மூவர் இதே நாட்டில் வேறு முதலாளியிடம் வேலை செய்கிறார்கள், அவர் முதலில் பதில் சொன்னார் என்பதற்காக. உங்கள் கடையிலும் அப்படித்தானா என்பது தெரிய, கடைசி வருடத்தில் நீங்கள் அழைத்தவர்களின் திகதிகளை இன்றிரவே தேடி எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவை உங்கள் தொலைபேசியிலேயே இருக்கும்.